போனில் பளிச், கேக்கில் இருட்டு: போட்டோ கேக்குக்குப் படம் தயார் செய்வது எப்படி?

பிறந்தநாள், கல்யாண நாள், மணிவிழா என எதற்கும் இப்போது போட்டோ கேக் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பினால் போதும், மாலையில் கேக் ரெடி. ஆனால் பெட்டியைத் திறந்ததும் பல வீடுகளில் கேட்கும் முதல் கேள்வி, “இது யாரு?” என்பதுதான். கண், மூக்கு, மீசை எல்லாம் ஒன்றாகக் கலந்து, முகம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு திட்டு இருக்கும்.

கடைக்காரர் சொதப்பிவிட்டார் என்றுதான் முதலில் தோன்றும். சில நேரம் அதுவும் உண்மைதான். ஆனால் பெரும்பாலும் கோளாறு படத்திலேயே இருக்கிறது. போன் ஸ்க்ரீனுக்குப் பொருத்தமான படம் கேக்குக்குப் பொருந்தாது. அதுவும் இரண்டு மூன்று போட்டோக்களை வெட்டி ஒன்றாக்கி அனுப்பினால் சிக்கல் இரட்டிப்பாகிறது. கேக்குக்கென்று படத்தை எப்படித் தயார் செய்வது?

கேக்கில் ஏன் மங்குகிறது?

போட்டோ கேக்கில் படம் நேரடியாக க்ரீமில் அச்சாவதில்லை. உண்ணக்கூடிய மெல்லிய ஷீட்டில் அச்சடித்து, அதை கேக்கின் மேல் ஒட்டுகிறார்கள். இரண்டு வகை ஷீட் பரவலாகப் பயன்படுகிறது. ஒன்று, ஸ்டார்ச்சில் செய்த வேஃபர் பேப்பர். இன்னொன்று, சர்க்கரையும் ஸ்டார்ச்சும் சேர்ந்த ஐசிங் ஷீட். இரண்டுமே ஏ4 அளவில் கிடைக்கும். பிரின்டர் சாதாரண இன்க்ஜெட் வகைதான். அலுவலக இங்க்குக்குப் பதிலாக, ஃபுட் கலரில் தயாரான இங்க் அதில் இருக்கும்.

இங்கே மூன்று விஷயங்களைப் புரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, வெள்ளை இங்க் என்று ஒன்று கிடையாது. படத்தில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் பிரின்டர் எதையும் அடிக்காது, ஷீட்டின் நிறம்தான் அங்கே வெள்ளை. அந்த ஷீட்டும் தூய வெள்ளையாக இல்லாமல் கொஞ்சம் க்ரீம் நிறத்தில் இருக்கும்.

இரண்டாவது, கறுப்பும் முழுக் கறுப்பாக வராது. இந்தியாவில் உணவில் அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் மொத்தம் 8. சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, நீலம், பச்சை எனப் போகும் அந்தப் பட்டியலில் கறுப்பு இல்லை. அந்த நிறங்களைக் கலந்துதான் கறுப்பைக் கொண்டுவர வேண்டும். அதனால் சில கேக்குகளில் கறுப்பு முடி லேசாகப் பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிகிறது.

மூன்றாவது, ஈரம். ஷீட் இங்க்கை உறிஞ்சும்போது ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் பரவும். கீழே இருக்கும் க்ரீமின் ஈரம் அதை இன்னும் பரவ வைக்கும். மெல்லிய கோடுகள் தடிக்கும், சின்ன இடைவெளிகள் மூடிக்கொள்ளும்.

மொத்தத்தில், கேக்கில் உச்ச வெள்ளையும் இல்லை, ஆழமான கறுப்பும் இல்லை. ஸ்க்ரீனில் தெரிந்த வெளிச்ச வித்தியாசம் எல்லாம் நடுவில் ஒரு சின்ன எல்லைக்குள் நசுங்குகிறது. எனவே கேக் படத்தில் நிறத்தைவிட முக்கியமானது டோன், அதாவது எந்த இடம் வெளிச்சம், எந்த இடம் இருட்டு என்ற வித்தியாசம். முதலில் டோனைப் பிரித்துவிட்டு, பிறகு நிறத்தைப் பார்ப்பதுதான் சரியான வரிசை.

ஒரு மணிவிழா கேக்

உதாரணத்துக்கு ஒரு மணிவிழாவை எடுத்துக்கொள்வோம். அப்பாவும் அம்மாவும் சேர்ந்திருக்கும் நல்ல போட்டோ இல்லை. அப்பாவின் படம் ஆபீஸ் விழாவில் எடுத்தது: மாநிறத்துக்கும் சற்றுக் கூடுதலான நிறம், தலை முழுக்க நரை, மீசைக்கு மட்டும் டை, வெள்ளைச் சட்டை. அம்மாவின் படம் கோயிலில் மாலை நேரத்தில் எடுத்தது: கறுப்பு முடியில் மல்லிகைப்பூ, பச்சை பார்டர் வைத்த சிவப்புப் பட்டு. இந்த இரண்டையும் ஒரு கிலோ வட்ட கேக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்.

கேக்கின் விட்டம் 8 இன்ச் என்றால், ஓரத்தில் க்ரீம் பூ போட இடம் விட்டு, படத்தை 7 இன்ச்சில் நிறுத்திக்கொள்ளலாம். ஏ4 ஷீட்டின் அகலமே 8 இன்ச்சுக்குக் கொஞ்சம்தான் அதிகம் என்பதால், அதற்கு மேல் பெரிய படம் ஒரே ஷீட்டில் வராது. ஜிம்ப், போட்டோபியா போன்ற இலவச மென்பொருளில் 2100 × 2100 பிக்சலில் ஒரு கேன்வாஸ் திறந்தால், ஒரு இன்ச்சுக்கு 300 பிக்சல் கணக்கில் 7 இன்ச் கிடைக்கும்.

இரண்டு முகங்கள் என்றால் ஒவ்வொன்றும் கேக்கில் இரண்டே கால் இன்ச் அகலம் வரும். இங்க் எப்படியும் பரவும் என்பதால், ஒரு இன்ச்சுக்கு 150 பிக்சல் உண்மையான விவரம் இருந்தாலே சமாளிக்கலாம். அப்படியானால் மூலப்படத்தில் முகம் மட்டுமே சுமார் 340 பிக்சல் அகலம் இருக்க வேண்டும். குரூப் போட்டோவில் பின்வரிசையில் நிற்கும் முகத்தை வெட்டினால் 100 பிக்சல்கூடத் தேறாது. அதை எவ்வளவு பெரிதாக்கினாலும் கண்ணும் மூக்கும் மங்கலாகத்தான் இருக்கும். வேறு படம் தேடுவதே நல்லது.

வெட்டும்போது விடும் ஓரம்

இரண்டு உருவங்களையும் பின்னணியிலிருந்து வெட்டியெடுத்ததும், ஓரத்தில் பழைய பின்னணியின் நிறம் ஒரு மெல்லிய கோடாக ஒட்டியிருக்கும். ஸ்க்ரீனில் கண்ணுக்கே தெரியாது. கேக்கில் அது பரவி, தலையைச் சுற்றி அழுக்கு வளையமாக மாறிவிடும். ஜிம்ப்பில் `Select > Shrink` கொடுத்துத் தேர்வை 2 பிக்சல் உள்ளே இழுத்துவிட்டு வெட்டினால் இந்தக் கோடு போய்விடும்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்ப்பதுபோல் இருக்கட்டும் என்று ஒரு படத்தைக் கண்ணாடிபோலத் திருப்புவது பலரும் செய்யும் வேலை. வேண்டாம். அம்மாவின் முந்தானை தோள் மாறிவிடும், மூக்குத்தி அடுத்த பக்கம் போய்விடும், அப்பாவின் சட்டைப் பை வலது பக்கம் வந்துவிடும். “என்னமோ வேற மாதிரி இருக்கே” என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள், ஏன் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது.

முகத்தை வெளுக்க வேண்டாம், பிரித்துக் காட்டுங்கள்

அடுத்து டோன். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் 0 முதல் 255 வரையிலான எண்ணாகப் பார்க்கலாம். 0 முழு இருட்டு, 255 முழு வெள்ளை. படத்தை ஒரு பிரதி எடுத்து, `Colors > Desaturate` மூலம் கறுப்பு வெள்ளையாக்கி, கலர் பிக்கரால் கன்னத்தைத் தொட்டால் எண் தெரியும்.

நம் உதாரணத்தில் அப்பாவின் கன்னம் 90, மீசை 45 என்று வைத்துக்கொள்வோம். அம்மாவின் கன்னம் 140. அப்பாவின் முகத்துக்கும் மீசைக்கும் இடையே ஸ்க்ரீனில் 45 எண் வித்தியாசம் இருக்கிறது. கேக்கில் அது இன்னும் சுருங்கும். கண்ணுக்குக் கீழே இருக்கும் நிழல், மீசை, கன்னம் மூன்றும் ஒன்றாகிவிடும். பழுப்புத் திட்டு உருவாவது இங்கேதான்.

இதற்குப் பலரும் பிரைட்னஸை ஏற்றுவார்கள், இல்லையென்றால் பியூட்டி ஃபில்டர் போடுவார்கள். பிரைட்னஸ் மீசையையும் சேர்த்து வெளுக்க வைக்கும், வித்தியாசம் அப்படியேதான் இருக்கும். ஃபில்டர் முகத்தை வேறு ஆளாக்கிவிடும். தேவை இரண்டும் இல்லை. மீசையும் கண்ணும் இருந்த இடத்திலேயே இருக்க, கன்னம் மட்டும் கொஞ்சம் மேலே வர வேண்டும்.

அதற்கான கருவி `Colors > Curves`. அதில் ஒரு கோடு குறுக்காகத் தெரியும். 45-ல் ஒரு புள்ளி வைத்து அதை 40-க்கு இறக்குங்கள். 90-ல் இன்னொரு புள்ளி வைத்து 120-க்கு ஏற்றுங்கள். இப்போது கன்னத்துக்கும் மீசைக்கும் இடைவெளி 80. அம்மாவின் முகத்தை 145 வரை தொட்டால் போதும். இருவரின் முகமும் ஒரே எண்ணுக்கு வர வேண்டிய அவசியமில்லை. அப்பா அம்மாவைவிடக் கறுப்பு என்றால் கேக்கிலும் அப்படியே இருக்கட்டும். அந்த வித்தியாசத்தை அழித்தால்தான் அடையாளம் போகும்.

இன்னொன்று: நிறங்களைக் குறைக்க வேண்டும் என்பதற்காக முழுப் படத்துக்கும் `Colors > Posterize` போடக் கூடாது. கன்னத்தில் வட்டம் வட்டமாகத் திட்டு விழும். உடையையும் பின்னணியையும் மட்டும் தட்டையான நிறமாக்குங்கள். முகத்தின் நுண்ணிய நிழல்களைத் தொடாதீர்கள்.

நரைமுடி எங்கே போச்சு?

மேலே சொன்னபடி, வெள்ளை என்பது வெறும் ஷீட். அப்பாவின் நரைமுடி, வெள்ளைச் சட்டை, அம்மாவின் மல்லிகை மூன்றையும் வெள்ளைப் பின்னணியில் வைத்தால் என்ன ஆகும்? மூன்று இடத்திலும் இங்க் விழாது. அப்பாவுக்குத் தலையே நெற்றியோடு முடிந்ததுபோல் இருக்கும்.

அதனால் பின்னணிக்கு ஒரு நிறம் வேண்டும். மங்கலம் என்று மஞ்சளைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். அங்கேதான் ஏமாற்றம். மஞ்சள் இங்க் இருப்பதிலேயே வெளிர். ஸ்க்ரீனில் பளிச்சென்று தெரியும் முழு மஞ்சளின் வெளிச்ச எண் 226. வெள்ளைக்குப் பக்கத்தில் அது கிட்டத்தட்ட மறைந்துவிடும். அடர் கறுப்பு அல்லது அடர் நீலப் பின்னணியும் சரிவராது. அம்மாவின் கூந்தல் அதில் கரையும். கூடவே, பெரிய பரப்பு முழுக்க இங்க் நிறைந்தால் ஷீட் நனைந்து பிசுபிசுக்கும், வேஃபர் பேப்பர் என்றால் சுருங்கும்.

நரைக்கும் கூந்தலுக்கும் நடுவில் ஒரு நிறம் வேண்டும். வெளிர் நீலம் இங்கே பொருந்தும். சிவப்பு 150, பச்சை 200, நீலம் 225 என்று கொடுத்தால் அதன் வெளிச்ச எண் சுமார் 188. நரைமுடியும் மல்லிகையும் 240, பின்னணி 188, முகங்கள் 120 முதல் 145, கூந்தலும் மீசையும் 40. பக்கத்துப் பக்கத்து இடங்களுக்கு இடையே 40-க்குக் குறையாமல் வித்தியாசம் இருக்கிறது. இந்த 40 ஒரு தோராயமான கணக்குதான். ஆனால் அதற்குக் கீழே போனால் கேக்கில் இரண்டு இடமும் ஒன்றாகத் தெரியும் வாய்ப்பு அதிகம். சந்தேகம் இருந்தால் நரைமுடியைச் சுற்றி மட்டும் அடர் பழுப்பில் மெல்லிய கோடு ஒன்று வரைந்துவிடலாம்.

சிவப்புப் பட்டும் பச்சை பார்டரும்

பட்டுப்புடவையில் சிவப்பும் பச்சையும் கண்ணைப் பறிக்கும். கேக்கிலும் பறிக்கும் என்று நினைப்பது இயல்பு. வெளிச்சக் கணக்கு வேறு கதை சொல்கிறது. நிறத்திலிருந்து வெளிச்ச எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு பழைய சூத்திரம் உண்டு:

`0.299 × R + 0.587 × G + 0.114 × B`

புடவையின் சிவப்பு (200, 0, 0) என்றால் எண் 60. பார்டரின் அடர் பச்சை (0, 100, 0) என்றால் 59. கண்ணுக்கு இரண்டும் எதிரெதிர் நிறங்கள். டோனில் இரட்டைப் பிள்ளைகள். கேக்கில் இங்க் கொஞ்சம் பரவி இரண்டும் எல்லையில் கலந்தால், நடுவில் அழுக்குப் பழுப்பு நிறத்தில் ஒரு பட்டைதான் மிஞ்சும்.

பார்டரைத் தனியாகத் தேர்ந்தெடுத்து (90, 160, 80) என்ற வெளிர் பச்சைக்கு மாற்றினால் எண் 130 ஆகிறது. சிவப்பிலிருந்து 70 தள்ளி, நீலப் பின்னணியிலிருந்து 58 தள்ளி நிற்கும். பார்டரைப் பொன்மஞ்சளாக்கலாமே என்று (240, 190, 60) கொடுத்துப் பார்த்தால் எண் 190. பின்னணியின் 188-க்குப் பக்கத்தில் போய், புடவை ஓரம் காணாமல் போய்விடும். எண்ணைப் பார்க்காமல் கண்ணை நம்பினால் இது பிடிபடாது.

இப்போது படத்தில் இருப்பது ஐந்தே நிறங்கள்: வெறும் ஷீட், வெளிர் நீலம், வெளிர் பச்சை, சிவப்பு, அடர் பழுப்பு. இவற்றோடு முகங்களின் இயல்பான நிறம். கூந்தலுக்கும் மீசைக்கும் முழுக் கறுப்புக்குப் பதில் அடர் பழுப்பு வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. கறுப்பு பச்சையாகத் திரிந்தால் உடனே உறுத்தும். பழுப்பு கொஞ்சம் திரிந்தாலும் முடியாகவே தெரியும்.

புள்ளி மறைந்தால் வாழ்த்தும் மாறும்

தமிழ் எழுத்துக்கு கேக்கில் தனிச் சிக்கல். ‘ண’, ‘ழ’, ‘ஊ’ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இங்க் புகுந்து மூடிக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளி பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது காணாமலே போகும். ‘வாழ்த்துகள்’ என்ற சொல்லில் மட்டும் மூன்று புள்ளிகள். அவை போனால் என்ன படிக்கிறோம் என்றே புரியாது.

எழுத்து ஒரு சென்டிமீட்டராவது உயரம் இருக்கட்டும், கோடு ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். 300 பிக்சல் கணக்கில் ஒரு மில்லிமீட்டர் என்பது சுமார் 12 பிக்சல். வெளிர் பின்னணியில் அடர் எழுத்து வையுங்கள். அடர் நிறத்தின் நடுவே வெள்ளை எழுத்து விட்டால், சுற்றியிருக்கும் இங்க் உள்ளே பரவி எழுத்தை மெலிய வைக்கும். இடம் போதவில்லை என்றால் படத்தில் ‘60’ மட்டும் பெரிதாகப் போட்டுவிட்டு, வாழ்த்தைக் க்ரீமில் எழுதச் சொல்லிவிடலாம்.

அனுப்பும் முன் மூன்று சோதனை

முதல் சோதனை, முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். இது யார், முடி எங்கே முடிகிறது, புடவை எங்கே தொடங்குகிறது என்பது நிறமில்லாமலே புரிய வேண்டும்.

இரண்டாவது, படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி ஒரு கை தூரத்தில் வைத்துப் பாருங்கள். விருந்தினர் கேக்கைப் பார்ப்பது மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான்.

மூன்றாவதுதான் கேக்குக்கு மிக நெருக்கமான சோதனை. பிரதி ஒன்றில் `Colors > Levels` திறந்து, கீழே இருக்கும் `Output Levels` பகுதியில் 0-வை 60 ஆகவும் 255-ஐ 235 ஆகவும் மாற்றுங்கள். கறுப்பு வெளுத்து, வெள்ளை மங்கிவிடும். கேக்கில் நடப்பதும் ஏறத்தாழ இதுதான். இந்த மங்கலிலும் அப்பாவின் மீசை கன்னத்திலிருந்து தனியாகத் தெரிந்தால் படம் தேறிவிட்டது. தெரியாவிட்டால் திரும்பவும் `Curves`-க்குப் போங்கள். சோதனைப் பிரதியைத் தவறிப்போய்க் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள்.

கடைக்கு என்ன சொல்வது?

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கும். பிஎன்ஜி கோப்பாகச் சேமித்து ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். கூடவே ஒரு செய்தி: “அண்ணா, படம் 7 இன்ச் வட்டம். ஃபிட் டு பேஜ் போடாம 100 சதவீதத்துல பிரின்ட் எடுங்க. மேல மேல பிரைட்னஸ் எதுவும் மாத்த வேண்டாம்.” ஃபிட் டு பேஜ் போட்டால் அளவு மாறிவிடும். கடையில் எல்லாப் படத்துக்கும் வழக்கமாக வெளிச்சம் ஏற்றும் பழக்கம் இருந்தால், நீங்கள் பார்த்துப் பார்த்துப் பிரித்த டோன் மறுபடி கலைந்துவிடும்.

7 இன்ச் வட்டம் போக ஏ4 ஷீட்டில் 10 சென்டிமீட்டருக்கு மேல் நீளத்துக்கு இடம் மீதியிருக்கும். அதே இரண்டு முகங்களையும் சின்னதாக அந்த இடத்தில் வைத்து முதலில் அச்சடித்துப் பார்க்கச் சொல்லலாம். அந்தக் கடையின் இங்க் எவ்வளவு இருட்டாக விழுகிறது, எந்தப் பக்கம் நிறம் சாய்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். கன்னமும் மீசையும் அங்கேயே ஒட்டிக்கொண்டால் கன்னத்தை இன்னும் 15 எண் ஏற்றி அனுப்பினால் போதும்.

இரண்டு கேள்விகளையும் கேட்டுவிடுங்கள். ஷீட் எது, கீழே என்ன க்ரீம்? வேஃபர் பேப்பரில் கீழே இருப்பது ஓரளவு தெரியும். சாக்லேட் க்ரீமின் மேல் நேரடியாக வைத்தால் படம் முழுக்க இருட்டும். விப்ட் க்ரீமின் ஈரத்தில் அது சுருங்கவும் செய்யும். க்ரீம் கேக்குக்கு ஐசிங் ஷீட், அதன் கீழே வெள்ளை க்ரீம் என்பதே பாதுகாப்பான ஏற்பாடு. அந்த பிரின்டர் உணவு இங்க்குக்கு மட்டுமே பயன்படுகிறதா என்பதையும் கேளுங்கள். முன்பு சாதாரண இங்க் போட்ட பிரின்டரில் உணவு இங்க் ஊற்றினால், உள்ளே மிஞ்சிய பழைய இங்க் கேக்குக்கு வந்துவிடும்.

படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கடைசி எதிரி ஃப்ரிட்ஜ்தான். குளிர்ந்த கேக்கை வெளியே எடுத்ததும் மேலே நீர் கோர்க்கும். எழுத்தின் ஓரத்தில் நிறம் கசிந்து வளையம் கட்டினால் அதுதான் காரணம். படத்தைத் தொடவோ துடைக்கவோ வேண்டாம், இங்க் இழுத்துக்கொண்டு வந்துவிடும். முடிந்தவரை விழாவுக்குச் சில மணி நேரம் முன்பு ஷீட்டை ஒட்டச் சொல்லி, படம் கசியும் முன் கேக்கை வெட்டிவிடுவது நல்லது.